ஒரு படி பிசகினால்: சம்பள மாற்றத்துக்குப் பின் பிழையாகக் கணிக்கப்பட்ட ஓய்வூதியத்தைத் திருத்தக் கேட்பது

கந்தப்பளையில் ஓய்வூதியம் என்ற சொல் எல்லா வீட்டுக்கும் உரியதல்ல. தோட்டத்தில் கொழுந்து பறித்தவருக்கும் தொழிற்சாலையில் நின்றவருக்கும் ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும்தான் உண்டு. மாதாமாதம் வருகிற அரச ஓய்வூதியம் ஆசிரியர்களுக்கும் தபால் ஊழியர்களுக்கும் மருத்துவமனை, பிரதேச செயலக ஊழியர்களுக்கும் உரியது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1970களில் பொறுப்பேற்ற பிறகு, லயத்து வீடுகளிலிருந்து படித்து வந்தவர்கள் அரச நியமனம் பெற்றார்கள். குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளமும் அதன்பின் ஓய்வூதியமும் கண்ட தலைமுறை அது. அவர்களில் கணிசமானோர் ஓய்வு பெற்ற வருடங்கள் இலங்கையின் அரச சம்பளக் கட்டமைப்பு படிப்படியாக மாறிக்கொண்டிருந்த வருடங்களாகவே அமைந்துவிட்டன. அதனால்தான் இந்தப் பக்கத்தில் இரண்டு ஓய்வூதியர் சந்தித்தால், ஒரே தரம், ஒரே சேவைக்காலம், ஆனால் ஓய்வூதியம் மட்டும் பல ஆயிரம் ரூபா வித்தியாசம் என்ற பேச்சு வருகிறது.

அந்த வித்தியாசம் பிழையா, விதியா? இதுவே முதற் கேள்வி. இதற்கு விடை காணாமல் எழுதப்படும் முறைப்பாடுகள் பல மாதம் கழித்து, 'சுற்றறிக்கைக்கு அமைவாகக் கணிக்கப்பட்டுள்ளது' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வருகின்றன. கணக்குப் போட்டவர் விட்ட பிழை ஒன்று, விதி வகுத்தவர் விட்ட இடைவெளி இன்னொன்று. இரண்டுக்கும் கேட்கும் இடம் வேறு, கேட்கும் முறை வேறு, கிடைக்கும் நிலுவையும் வேறு.

முதலில் விதியைப் பார்ப்போம். 2016 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த அரச சம்பள மாற்றம், 03/2016 இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கையால் வகுக்கப்பட்டது. புதிய சம்பளம் முழுமையாக ஒரே நாளில் கொடுக்கப்படவில்லை. 2016, 2017, 2018, 2019 என்று ஆண்டுக்கு ஒரு கட்டமாக அடிப்படைச் சம்பளம் ஏறி, 2020 ஜனவரி 1இல்தான் முழு அளவை எட்டியது. சுற்றறிக்கையின் இணைப்பு அட்டவணைகளில் ஒவ்வொரு சம்பளப் படிக்கும் எதிரே ஆண்டுவாரியாக வெவ்வேறு தொகை நிற்கும். ஓய்வூதியமோ ஓய்வு பெறும் நாளன்று உரித்தான அடிப்படைச் சம்பளத்தில் ஒரு சதவீதம். ஆகவே 2017இல் ஓய்வு பெற்றவருக்கு 2017ஆம் ஆண்டு நிரலில் உள்ள தொகை, 2020இல் ஓய்வு பெற்றவருக்கு முழுத் தொகை. முப்பது வருடம் ஒரே மேசையில் இருந்து வேலை செய்த இரண்டு பேரில், மூன்று வருடம் முந்திப் பிறந்த ஒருவருக்கு, விதி அப்படியே நின்றால், ஆயுள் முழுவதும் குறைவான தொகை. இது அநீதி என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் இது எழுதுவினைஞரின் பிழையல்ல.

இந்த இடைவெளியை மூட 35/2019 என்ற இலக்கத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆட்சி மாறிய கையோடு 2020 ஜனவரியில் அது இடைநிறுத்தப்பட்டது. அதன்பின் ஓய்வூதியர் சங்கங்கள் கடிதம் எழுதின, ஆர்ப்பாட்டம் செய்தன, நீதிமன்றத்தையும் நாடின. 2025 பெப்ரவரியில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்ட உரையில்தான் தீர்வுக்கான கால அட்டவணை சொல்லப்பட்டது. அதன்படி 2018 ஜனவரி 1க்கு முன் ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியம் 2025 ஜூலை முதல் 2018ஆம் ஆண்டுச் சம்பளத்துக்கும், 2019 ஜனவரி 1க்கு முன் ஓய்வு பெற்றவர்களுடையது 2026 ஜூலை முதல் 2019ஆம் ஆண்டுச் சம்பளத்துக்கும், 2020 ஜனவரி 1க்கு முன் ஓய்வு பெற்றவர்களுடையது 2027 ஜூலை முதல் 2020ஆம் ஆண்டுச் சம்பளத்துக்கும் உயரும். மூன்று கட்டம், மூன்று ஜூலை.

இதைக் கணக்காகப் பார்த்தால்தான் யாருக்கு எப்போது என்ன வரும் என்பது தெரியும். அரசாங்க முகாமைத்துவ உதவியாளர் சேவைக்கு 2016 மாற்றத்தில் வந்த சம்பள அளவை எடுத்துக்கொள்கிறேன். அதை அட்டவணை இப்படி எழுதும்:

28,940 – 10×300 – 11×350 – 10×560 – 10×660 – 47,990

இதை வாசிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முதலாம் படி 28,940. அதன்பின் பத்து சம்பள ஏற்றம் 300 ரூபா வீதம் வந்து, பதினோராம் படியில் 31,940 ஆகும். அடுத்த பதினொரு ஏற்றம் 350 வீதம். இருபத்திரண்டாம் படியில் 35,790. அதற்குப் பிறகு 560 வீதம். ஒருவர் முப்பதாம் படியில் ஓய்வு பெற்றால், இருபத்திரண்டிலிருந்து எட்டு ஏற்றம் மேலே போகவேண்டும். 8×560 என்றால் 4,480. ஆகவே 35,790 + 4,480 = 40,270. இதுதான் முப்பதாம் படியின் முழுச் சம்பளம், அதாவது 2020 ஜனவரி 1க்குரிய தொகை.

இடைப்பட்ட ஆண்டுகளின் தொகையை அட்டவணையின் அந்தந்த நிரலில் பார்த்தே எடுக்க வேண்டும், ஊகிக்கக் கூடாது. கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக மட்டும் முப்பதாம் படிக்கு 2017இல் 27,700, 2018இல் 32,000, 2019இல் 36,100 என்று வைத்துக்கொள்கிறேன். ஓய்வூதியச் சதவீதத்தையும் எடுத்துக்காட்டாக 85 என்று கொள்கிறேன். உங்களுடைய சதவீதம் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின்படி தீர்மானிக்கப்பட்டு, உங்கள் வழங்கல் கடிதத்தில் இருக்கும். அதையே நீங்கள் பயன்படுத்த வேண்டும்.

2017 ஒக்டோபரில் ஓய்வு பெற்றவரின் முதல் ஓய்வூதியம் 27,700இன் 85 வீதம், அதாவது 23,545 ரூபா. 2025 ஜூலையில் 2018ஆம் ஆண்டு நிரலுக்கு மாறும்போது 32,000இன் 85 வீதம், 27,200 ரூபா. 2026 ஜூலையில் 36,100இன் 85 வீதம், 30,685. 2027 ஜூலையில் 40,270இன் 85 வீதம், 34,229.50. மூன்று கட்டமும் முடியும்போது அவர் 2020இல் ஓய்வு பெற்ற சக ஊழியரின் அதே தொகைக்கு வந்து சேருகிறார். இங்கே சதவீதம் மாறவில்லை, படியும் மாறவில்லை. மாறியது நிரல் மட்டுமே.

இதே படியில் 2019 ஒக்டோபரில் ஓய்வு பெற்றவருக்கு என்ன ஆகும்? அவருடைய ஓய்வூதியம் முதலிலேயே 2019ஆம் ஆண்டு நிரலில் கணிக்கப்பட்டது. 2025 ஜூலையில் அவருக்கு ஒரு சதமும் ஏறாது, 2026 ஜூலையிலும் ஏறாது. 2027 ஜூலையில்தான் 30,685 என்பது 34,229.50 ஆகும். ஆகவே, 'பக்கத்து வீட்டு ஆசிரியருக்கு 2025 ஜூலையில் கூடியது, எனக்குக் கூடவில்லை' என்று அவர் முறைப்பாடு எழுதினால் அதற்கு அடிப்படை இல்லை. 2018இல் ஓய்வு பெற்றவருக்கும் அப்படித்தான். அவருடைய முறை 2026 ஜூலை. முறைப்பாடு எழுதுவதற்கு முன் ஓய்வு பெற்ற திகதியை இந்த மூன்று கட்டத்தோடு பொருத்திப் பார்த்தாலே வீண் அலைச்சல் பெருமளவு குறையும்.

இன்னொரு குழப்பம் ஆசிரியர்களுக்கே உரியது. ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொன்ன சுபோதினி குழு அறிக்கை, 2021ஆம் ஆண்டின் நீண்ட வேலைநிறுத்தம், அதைத் தொடர்ந்து 2022 ஜனவரியில் அந்த முரண்பாட்டில் மூன்றிலொரு பங்கைத் தீர்த்த சம்பள உயர்வு, இவையெல்லாம் நினைவிருக்கும். 2021இல் ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும் 2022இல் ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதி அங்கிருந்து வருகிறது. அதுவும் விதியால் வந்த வித்தியாசமே. பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவால் அதைத் தீர்க்க முடியாது.

இனி உண்மையான பிழைக்கு வருகிறேன். சம்பள மாற்றத்துக்குப் பின் ஓய்வூதியம் பிழையாக அமைவதற்கு என் அறிவுக்கு எட்டியவரை முதன்மையான காரணம் படி பிசகுவதுதான். பழைய 06/2006 சம்பள அளவிலிருந்து 2016 அளவுக்கு மாற்றும்போது ஒருவரை அவருடைய படிக்கு ஒத்த படியில் அமர்த்த வேண்டும். அந்த மாற்றத் தாளில் ஒரு வரி தவறிக் குறைந்த படியில் கண் போனால் பிழை உள்ளே புகுந்துவிடும். ஓய்வு பெறும் மாதத்துக்குச் சற்று முன் விழுந்த சம்பள ஏற்றம் கோவையில் அங்கீகரிக்கப்படாமலே கிடந்திருக்கலாம். தரம் உயர்வு பிந்திக் கிடைத்து, முந்திய திகதியிலிருந்து செல்லுபடியாகும் என்று கடிதம் வந்திருக்கலாம். ஆனால் அந்தக் கடிதம் ஓய்வூதியக் கணக்குக்குள் போகாமல் நின்றிருக்கலாம். மூன்றிலும் விளைவு ஒன்றே: அடிப்படைச் சம்பளம் ஒரு படியோ இரண்டு படியோ குறைவாக எழுதப்படும்.

எடுத்துக்காட்டாக ஒருவரை நினைத்துக்கொள்வோம். முகாமைத்துவ உதவியாளர். சம்பள ஏற்றத் திகதி ஜூன் 12. 2021 ஜூலை 1ஆம் திகதி ஓய்வு பெறுகிறார். 2020 ஜூன் 12இல் இருபத்தொன்பதாம் படிக்கு வந்தார். 2021 ஜூன் 12இல் முப்பதாம் படிக்கு வரவேண்டும். பெருந்தொற்றுக் காலம், அலுவலகம் பாதி நாள் பூட்டு, ஏற்றப் படிவத்தில் மேலதிகாரியின் கையொப்பம் விழவில்லை. ஓய்வூதியக் கோவை 39,710 ரூபா என்ற இருபத்தொன்பதாம் படிச் சம்பளத்தோடு போய்விட்டது. சரியான தொகை 40,270. வித்தியாசம் 560 ரூபா. அதன் 85 வீதம் 476 ரூபா. மாதம் 476 என்றால் சிறிய தொகையாகத் தெரியும். நான்கு வருடத்தில், 48 மாதத்தில், அது 22,848 ரூபா. அது மட்டுமல்ல, ஓய்வு பெறும்போது ஒருமுறை கிடைக்கும் பணிக்கொடையும் அதே அடிப்படைச் சம்பளத்தின் மேல் கணிக்கப்பட்டதால் அதிலும் குறைவு விழுந்திருக்கிறது. பிறகு வரும் ஒவ்வொரு சம்பள மாற்றத்தின்போதும் பழைய படிக்கு ஒத்த படியே தேடப்படுவதால், இந்தப் பிழை ஒவ்வொரு முறையும் பிரதி எடுக்கப்பட்டுக்கொண்டே போகும். விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியத்துக்கும் அதே சம்பளமே அடிப்படை என்பதால், அவர் காலமான பிறகு மனைவிக்கோ கணவனுக்கோ கிடைப்பதிலும் அது தொடரும்.

இந்தப் பிழை இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். வங்கிக் கணக்கில் விழும் மொத்தத் தொகையை வைத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது. அதில் வாழ்க்கைச் செலவுப் படியும் இடைக்காலக் கொடுப்பனவுகளும் கலந்திருக்கும். கடன் அறவீடும் இருக்கலாம். அவற்றை நீக்கி, அடிப்படை ஓய்வூதியத்தை மட்டும் எடுங்கள். அதை வழங்கல் கடிதத்தில் உள்ள சதவீதத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். மேலே சொன்னவருக்கு 33,753.50 ரூபா கிடைக்கிறது என்றால், 33,753.50 ÷ 85 × 100 = 39,710. இந்தத் தொகையைச் சம்பள அளவில் தேடுங்கள். அது எந்தப் படியில் விழுகிறதோ அந்தப் படியில்தான் உங்களை வைத்திருக்கிறார்கள். நீங்கள் கடைசியாக ஏற்றம் பெற்றிருக்க வேண்டிய படி அதுவா? இல்லையென்றால் பிழை அங்கேதான். அந்தத் தொகை எந்தப் படியிலும் விழாமல் இடையில் நின்றால், சதவீதம் பிழையாக இருக்கலாம் அல்லது நிரல் மாறி எடுக்கப்பட்டிருக்கலாம்.

சதவீதத்தில் பிழை வருவது சேவைக்கால மாதங்களை எண்ணும்போது. மலையகத்தில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. தொண்டர் ஆசிரியராக இருந்த காலம், பயிலுநர் காலம், நிரந்தர நியமனம் என்று சேவை துண்டு துண்டாக வளர்ந்தவர்கள் இங்கே பலர். எந்தத் துண்டு ஓய்வூதியத்துக்கு எண்ணப்படும், எது எண்ணப்படாது என்பது நியமனக் கடிதத்தின் சொற்களில் தங்கியிருக்கிறது. சம்பளமற்ற விடுமுறையும் கழிக்கப்படும். இந்த இடத்தில் என் கருத்து இது: நியமனக் கடிதம் கையில் இல்லாமல் சேவைக்காலத்தைப் பற்றி வாதாடுவது வீண். முதலில் கடிதத்தைத் தேடி எடுக்க வேண்டும்.

பிழை கண்டுபிடித்தாயிற்று. யாரிடம் கேட்பது? கந்தப்பளைக்காரர் வழக்கமாக நுவரெலியா பிரதேச செயலகத்துக்குப் போவார். மாதம் காசு வருவது அங்கிருந்துதானே. ஆனால் ஓய்வூதியம் மூன்று இடத்தில் உருவாகிறது என்பதை மனதில் வைக்க வேண்டும். கடைசியாக வேலை செய்த நிறுவனம், ஆசிரியர் என்றால் வலயக் கல்விப் பணிமனை, சம்பளப் படியையும் சேவைக்காலத்தையும் எழுதி அனுப்புகிறது. கொழும்பு மாளிகாவத்தையில் உள்ள ஓய்வூதியத் திணைக்களம் அதை வைத்து ஓய்வூதியத்தை வழங்கல் செய்கிறது. பிரதேச செயலகம் அதைக் கொடுக்கிறது. பின்னர் வரும் பொதுவான திருத்தங்களையும் பிரயோகிக்கிறது.

ஆகவே படியோ சேவைக்காலமோ பிழை என்றால் கோரிக்கை கடைசி நிறுவனத்துக்குப் போக வேண்டும். அவர்கள் சம்பள விபரத்தைத் திருத்தித் திணைக்களத்துக்கு அனுப்பினால்தான் திருத்திய வழங்கல் பிறக்கும். பிரதேச செயலகத்தின் ஓய்வூதிய உத்தியோகத்தர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வழங்கல் கடிதத்தில் இல்லாத ரூபாவை அவரால் கொடுக்க முடியாது. வழங்கல் கடிதம் சரி, ஆனால் 2025 ஜூலையில் பிரயோகித்த திருத்தத்தில் நிரலோ படியோ பிழை என்றால் அது பிரதேச செயலகத்தின் வேலை. வழங்கல் கடிதத்திலேயே சதவீதமோ பெருக்கலோ பிழை என்றால் திணைக்களம். திணைக்களத்தின் 1970 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரிக்கலாம். ஆனால் தொலைபேசியில் கேட்டது கோரிக்கையாகப் பதிவாகாது. எழுத்தில் கேட்க வேண்டும்.

கடிதத்தில் கோபம் வேண்டாம், வரலாறும் வேண்டாம். ஓய்வூதிய இலக்கம், தேசிய அடையாள அட்டை இலக்கம், கடைசிப் பதவி, சம்பளக் குறியீடு, ஓய்வு பெற்ற திகதி ஆகியவை முதலில். பிறகு கோரிக்கையை ஒரே பந்தியில் இப்படி எழுதலாம்:

'எனது சம்பள ஏற்றத் திகதி ஜூன் 12 ஆகும். 2021.06.12இல் நான் 30ஆம் படிக்கு, ரூபா 40,270க்கு உரித்துடையவன். எனது ஓய்வூதியம் 29ஆம் படியான ரூபா 39,710 என்ற சம்பளத்தின் மேல் கணிக்கப்பட்டுள்ளது. 2021.06.12ஆம் திகதிக்குரிய சம்பள ஏற்றத்தை அங்கீகரித்து, திருத்திய சம்பள விபரத்தை ஓய்வூதியத் திணைக்களத்துக்கு அனுப்பி, ஓய்வு பெற்ற திகதி முதலான ஓய்வூதிய நிலுவையையும் பணிக்கொடை வித்தியாசத்தையும் பெற்றுத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

இதோடு வழங்கல் கடிதம், கடைசிச் சம்பளப் பட்டியல், முந்திய ஆண்டின் ஏற்றக் கடிதம், தரம் உயர்வுக் கடிதம் இருந்தால் அதுவும், மேலே போட்ட கணக்கு ஒரு தனித் தாளில். மூலப் பத்திரங்களை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும் திணைக்களத்துக்கும் இடுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். கடிதம் தமிழில் இருக்கலாம். எந்த அரச உத்தியோகத்தரோடும் தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் உள்ள உரிமை அரசியலமைப்பின் மொழி பற்றிய அத்தியாயத்திலேயே இருக்கிறது. சிங்களத்தில் எழுதினால்தான் வேலை நடக்கும் என்று பிறரிடம் காசு கொடுத்து எழுதுவித்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையொப்பம் வைப்பது ஆபத்தானது.

பத்திரம் எதுவும் கையில் இல்லை, சுயவிபரக் கோவை அலுவலகத்தில்தான் இருக்கிறது என்றால் என்ன செய்வது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இங்கே கைகொடுக்கும். கடைசி நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்து, '03/2016 சுற்றறிக்கையின்படி என்னுடைய சம்பளம் மாற்றப்பட்ட தாளின் பிரதி, ஓய்வூதியத் திணைக்களத்துக்கு அனுப்பிய சம்பள, சேவைக்கால விபரத்தின் பிரதி' என்று கேளுங்கள். பொதுவாகக் 'கோவை முழுவதும்' என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள். தாளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். மறுத்தால் நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. மாற்றத் தாள் கைக்கு வந்தால் பிழையை மறுக்க இடமில்லை.

ஒரு எச்சரிக்கை. கணக்கை மீளப் பார்க்கச் சொன்னால் அது இரு பக்கமும் திரும்பக்கூடியது. கூடுதலாகக் கொடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தால் அதை மாதாமாதம் அறவிடத் தொடங்குவார்கள். ஆகவே மேலே சொன்ன வகுத்தல் கணக்கை வீட்டில் போட்டுப் பார்த்து, படி உண்மையிலேயே குறைவு என்று உறுதியான பிறகே கடிதம் எழுத வேண்டும்.

நிலுவையிலும் விதிக்கும் பிழைக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படும். படிப் பிழை திருத்தப்பட்டால் திருத்திய வழங்கல் ஓய்வு பெற்ற நாளிலிருந்து செல்லுபடியாகும், நிலுவையும் அங்கிருந்தே. விதியால் வந்த இடைவெளியை அரசாங்கம் மூடும்போதோ பணம் அறிவித்த திகதியிலிருந்துதான். 2017இல் ஓய்வு பெற்றவருக்கு 2025 ஜூலை வரையான ஏழரை வருடத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு எதுவும் கிடைக்காது. விதியையே எதிர்க்க விரும்புவோர் பிரதேச செயலகத்தில் காத்திருந்து பயனில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் ஊடாகப் பொது மனுக்கள் குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு, அடிப்படை உரிமை மனு என்ற வழிகள் அவர்களுக்கு உண்டு. அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை மறந்து, திணைக்களத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டே காலத்தை விட்டவர்கள் உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கழித்துக் கணிக்கப்படும்.

அயல்நாட்டில் இதே கேள்வி எப்படித் தீர்ந்தது என்று பார்ப்பது பயன் தரும். ஓய்வு பெற்ற திகதியை மட்டும் வைத்து ஓய்வூதியரை இரண்டாகப் பிரிக்கக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பரில் நகாரா வழக்கில் தீர்ப்பளித்தது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2017 மே மாதத்தில் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. 2016க்கு முன் ஓய்வு பெற்றவரின் பழைய அடிப்படை ஓய்வூதியத்தை 2.57ஆல் பெருக்கி ஒரு தொகை. அவர் ஓய்வு பெற்ற பதவி, ஊதியப் படி ஆகியவற்றை ஒவ்வொரு ஊதியக் குழுவின் வழியாகவும் 2016 வரை பெயரளவில் நகர்த்தி, அங்கே வரும் ஊதியத்தில் பாதி இன்னொரு தொகை. இரண்டில் கூடியதைக் கொடுக்க வேண்டும். பழைய ஓய்வூதியம் 10,000 என்றால் முதல் வழியில் 25,700. அவருடைய படி 56,100 ரூபா ஊதியத்துக்கு ஒத்திருந்தால் இரண்டாம் வழியில் 28,050. கிடைப்பது 28,050. இரண்டாம் வழியில் முழுக் கணக்கும் கடைசி ஊதியப் படி எது என்பதிலேயே நிற்கிறது.  கடல் கடந்தாலும் பிழை நுழையும் வாசல் அதே படிதான்.

இலங்கையில் இந்தக் கதை 2020உடன் முடியவில்லை. 2025 ஏப்ரலில் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்பட்டபோதும் உயர்வு ஒரே நாளில் முழுமையாகக் கொடுக்கப்படவில்லை. ஒரு பகுதி 2025 ஏப்ரலில், மிச்சம் 2026 ஜனவரியிலும் 2027 ஜனவரியிலும் என்று மறுபடி கட்டம் கட்டமாகவே வகுக்கப்பட்டது. 2016–2020 காலத்தில் நடந்த அதே அமைப்பு. ஆகவே இந்தக் கட்டங்களுக்கு இடையில் ஓய்வு பெறுகிற ஒவ்வொருவரும் தன்னுடைய ஓய்வூதியம் எந்த ஆண்டுக்குரிய சம்பளத்தின் மேல் கணிக்கப்பட்டது என்பதை வழங்கல் கடிதம் கைக்கு வந்த அன்றே பார்க்க வேண்டும்.

இப்போது சேவையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓய்வு பெறுவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே உங்கள் சுயவிபரக் கோவையைப் பார்க்கக் கேளுங்கள். கடைசி மூன்று சம்பள ஏற்றமும் அங்கீகரிக்கப்பட்டிருக்கிறதா, தரம் உயர்வுக் கடிதங்கள் கோவையில் இருக்கின்றனவா, புதிய சம்பள அளவுக்கு மாற்றிய தாளில் உங்கள் படி சரியா என்று பாருங்கள். அந்த மாற்றத் தாளின் ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள் 2026, 2027 ஜூலை மாதக் கொடுப்பனவு வங்கிக்கு வந்ததும் வாழ்க்கைச் செலவுப் படியையும் மற்றக் கொடுப்பனவுகளையும் நீக்கிவிட்டு அந்த ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தொகை உங்கள் படியில் விழவில்லையென்றால் அந்த மாதமே எழுதுங்கள்.